டிராவல் டைம் சர்வே: ஹிஸ்டோகிராம், பாக்ஸ் ப்ளாட் ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கேன், அவுட்லையர தூக்கலாமா?

நிவி_தாம்பரம்

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்டபிள்யூ ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக சென்னையிலயும் சுத்துப்பட்டுலயும் வேலைக்குப் போறவங்ககிட்ட ஒரு சர்வே எடுத்தேன், பாதி கூகுள் ஃபார்ம், பாதி நேர்ல போய் கேட்டது. மொத்தம் 214 பேர். அதுல ஒரு கேள்வி வேலைக்குப் போக எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு. அத எஸ்பிஎஸ்எஸ்ல போட்டு வந்த ரெண்டு படத்தையும் ஒரே ஸ்கிரீன்ஷாட்டா கீழ போட்டிருக்கேன். மொபைல்ல பாக்குறவங்களுக்கு எழுத்து பொடியா இருக்கும், அதனால படத்துல இருக்குறத அப்படியே டைப் பண்றேன்.

ஹிஸ்டோகிராம்ல ஒரு பார் 10 நிமிஷம். இடமிருந்து வலமா உயரம் 22, 24, 31, 28, 34, 16, 30, 7, 4, 11, அப்புறம் ஒண்ணுமில்ல, அப்புறம் 1, அதுக்கப்புறம் 120ல ஒரு சின்ன பார், 150, 180, 240ல ஒத்தை ஒத்தையா. ஓரத்துல `Mean = 42.1`, `Std. Dev. = 31.5`, `N = 214`ன்னு இருக்கு.

பாக்ஸ் ப்ளாட்ல பெட்டி 25ல ஆரம்பிச்சு 60ல முடியுது, நடுக்கோடு 40ல. கீழ் விஸ்கர் 0 வரைக்கும் போயிடுச்சு, மேல் விஸ்கர் 110ல நிக்குது. அதுக்கு மேல ரெண்டு வட்டம், ரெண்டு நட்சத்திரம். பக்கத்துல 17, 58, 96, 131, 203, 88ன்னு நம்பர் இருக்கு.

கைடு சொன்னது ரெண்டே வரி: "ஸ்க்யூ என்னன்னு எழுது, அவுட்லையர நீக்கிட்டு டேபிள் போடு." 203 நிமிஷம்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு, 17 எப்படி மேல போய் உக்காந்துச்சுன்னு புரியல. நீக்கிடலாமா?

எண்ணூர்_எழில்

பார் எல்லாம் இடது பக்கம்தான் குமிஞ்சு கிடக்கு, அப்போ இது லெஃப்ட் ஸ்க்யூ. வலது பக்கம் இருக்கறது வெறும் உதிரி.

கோடம்பாக்கம்_குமரன்

இல்ல எழில், வால் எந்தப் பக்கம் நீளுதோ அந்தப் பக்கம்தான் ஸ்க்யூ. குமிஞ்சிருக்கற பக்கம் இல்ல. இங்க வால் வலது பக்கம் 240 வரைக்கும் போகுது, சராசரி 42.1, மீடியன் 40, சராசரி பெருசு, ஸோ ரைட் ஸ்க்யூ, முடிஞ்சுது.

நிவி, அவுட்லையருக்கு ரூல் சிம்பிள். பெட்டியோட அகலம் 60லேர்ந்து 25 போனா 35. அத ஒன்றரை மடங்கு பண்ணா 52.5. 60 கூட கூட்டுனா 112.5. அதுக்கு மேல இருக்கறதெல்லாம் அவுட்லையர், தூக்கிடுங்க. மிச்சத்துக்கு லாக் எடுத்துட்டா படம் அழகா நார்மலாயிடும். நான் ஆபீஸ்ல எல்லா டேட்டாவுக்கும் இதத்தான் பண்றேன்.

சர்வே_சாந்தி

நிவிம்மா, ஒண்ணும் நீக்காதீங்க, இன்னும் நேரம் இருக்கு. முதல்ல அந்த நம்பர் விஷயத்தச் சொல்லிடறேன், அதுலதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க.

வட்டத்துக்குப் பக்கத்துல இருக்கற 203 நிமிஷம் இல்ல. அது வரிசை எண். டேட்டா வியூல 203வது வரியில இருக்கற ஆள்னு அர்த்தம். எஸ்பிஎஸ்எஸ் நாம வேற ஒண்ணும் சொல்லலன்னா வரி நம்பரத்தான் ஒட்டும். அதனாலதான் 17 மேல உக்காந்திருக்கு, 17வது வரி அது. எத்தனை நிமிஷம்னு தெரியணும்னா புள்ளியிலேர்ந்து பக்கவாட்டா அச்சுக்குப் போய்ப் பாக்கணும். அப்புறம் ரெண்டு வட்டம்னு சொல்றீங்க, ஆனா நம்பர் ஆறு இருக்கு. ரெண்டு நட்சத்திரத்துக்கு ரெண்டு போக, ரெண்டு வட்டத்துக்கு நாலு நம்பர் மிச்சம். அதாவது ஒரு வட்டத்துக்கு அடியில ஒரே பதில் சொன்ன மூணு பேர் ஒருத்தர் மேல ஒருத்தரா உக்காந்திருக்காங்க, உங்க ஹிஸ்டோகிராம்ல 120ல இருக்கற அந்த சின்ன பார்தான் அது. பாக்ஸ் ப்ளாட்ல புள்ளிய எண்ணி ஆள எண்ணக்கூடாது.

வட்டம், நட்சத்திரம் வித்தியாசம் வெறும் தூரம்தான். பெட்டி அகலத்துல ஒன்றரை மடங்குக்கு மேல தள்ளியிருந்தா வட்டம், மூணு மடங்கு தாண்டினா நட்சத்திரம். உங்களுக்கு 112.5 தாண்டினா வட்டம், 165 தாண்டினா நட்சத்திரம், அதான் 180க்கும் 240க்கும் நட்சத்திரம். நட்சத்திரம் விழுந்தா பதில் தப்புன்னு எந்த அர்த்தமும் இல்ல, தூரமா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம்.

ரெண்டு விஷயம் கேக்கறேன், ஃபார்ம்ல கேள்வி எப்படி எழுதியிருந்தீங்க, ஒரு வழியா ரெண்டு வழியா? வீடு எங்க, ஆபீஸ் எங்க, எதுல போறாங்கன்னு கேட்டிருக்கீங்களா?

அரக்கோணம்_பாஸ்கர்

ஸ்டாடிஸ்டிக்ஸ் எனக்குத் தெரியாதுங்க, ஆனா குமரன் தம்பி 112க்கு மேல எல்லாத்தையும் தூக்கச் சொன்னதப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல. நான் அரக்கோணத்துலேர்ந்து கிண்டி வரைக்கும் தினம் வர்ற ஆள். வீட்டுலேர்ந்து ஸ்டேஷன், லோக்கல்ல சென்ட்ரல், அங்கேர்ந்து மெட்ரோ, இறங்கி நடை, கூட்டிப் பாத்தா ரெண்டரை மணி நேரம் வந்துடும். 150 நிமிஷம். என் பெட்டியில நின்னுக்கிட்டு வர்றவங்க எல்லாருக்கும் அதே கணக்குதான், செங்கல்பட்டு பக்கத்துலேர்ந்து பீச் வரைக்கும் வர்றவங்களக் கேளுங்க, ரயில்லயே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல. பயணக் களைப்பப் பத்தின சர்வேயில எங்களத் தூக்கிட்டா அப்புறம் யாரோட களைப்ப அளக்கப் போறீங்க?

நிவி_தாம்பரம்

பாஸ்கர் சார், ப்ராஜெக்டே பயண நேரத்துக்கும் களைப்புக்கும் உள்ள தொடர்புதான், நீங்க சொல்றது நேரா மனசுல உறைக்குது.

சாந்தி அக்கா, கேள்வி இப்படி இருந்துச்சு: "தினமும் வேலைக்குச் செல்ல ஆகும் பயண நேரம் (நிமிடங்களில்)". ஒரு வழின்னு தனியா போடல. வீட்டு ஏரியா, வேலை ஏரியா, எதுல போறாங்க மூணும் இருக்கு. வீட்டுலேர்ந்தே வேலை பாக்கறவங்க 0ன்னு போட்டிருக்காங்க.

சர்வே_சாந்தி

நல்லதாப் போச்சு, ஏரியா இருந்தா பாதி சிக்கல் தீந்துடும்.

இப்போ ஸ்க்யூ. குமரன் சொன்ன திசை சரி, ஆனா சராசரி மீடியன விடப் பெருசுங்கறத மட்டும் வெச்சு முடிவு கட்டறது ஆபத்து, ரெண்டுக்கும் வித்தியாசம் இங்க 2 நிமிஷம்தான், அந்த 240 ஒண்ணு மட்டுமே சராசரிய கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் தூக்கி விட்டுடும். படத்தப் பாத்தே இன்னும் உறுதியா சொல்லலாம். நடுக்கோட்டுலேர்ந்து பெட்டியோட கீழ் விளிம்பு 15, மேல் விளிம்பு 20. பெரிய வித்தியாசம் இல்ல. கீழ் விஸ்கர் 25 நீளம், மேல் விஸ்கர் 50, ரெண்டு மடங்கு. அதுக்கு மேல புள்ளிங்க வேற. அதாவது நடுவுல இருக்கற பாதிப் பேர் கிட்டத்தட்ட சமமாத்தான் பரவியிருக்காங்க, ஸ்க்யூ முழுக்க மேல் கால்வாசிப் பேர்கிட்ட இருக்கு. ரிப்போர்ட்ல வெறும் "பாசிட்டிவ்லி ஸ்க்யூட்"னு எழுதாம இத எழுதுங்க, படிக்கறவங்களுக்கு எங்க சாய்வு இருக்குன்னு தெரியும்.

அடுத்தது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். குமரன் மேல் வேலி போட்டாரு, 112.5. அதே கணக்குல கீழ் வேலி போட்டுப் பாருங்க. 25லேர்ந்து 52.5 போனா மைனஸ் 27.5. பயண நேரம் மைனஸ்ல யாருக்காவது வருமா? வராது. அப்போ கீழ்ப்பக்கம் எவ்வளவு அபத்தமான பதில் வந்தாலும் இந்தப் பாக்ஸ் ப்ளாட் ஒரு வட்டம்கூடப் போடாது, கீழ் விஸ்கர் அமைதியா 0 வரைக்கும் போய் நின்னுடும். வலது பக்கம் சாஞ்ச நிறைய டேட்டாவுக்கு இந்தக் கதிதான், மேல தப்பே இல்லாதவங்கள காட்டிக் குடுக்கும், கீழ இருக்கற தப்ப மறைச்சிடும்.

உங்க முதல் பார்ல 22 பேர் இருக்காங்க, 10 நிமிஷத்துக்குள்ள போறவங்கன்னு கணக்கு. எனக்கு அந்தப் பார் மேலதான் சந்தேகம், 240 மேலகூட அவ்வளவு இல்ல. இத ஓட்டிப் பாத்துட்டு வந்ததப் போடுங்க:

```
TEMPORARY.
SELECT IF (travel_min <= 5 OR travel_min > 112).
LIST VARIABLES=resp_id home work mode travel_min.
```

`TEMPORARY` கட்டாயம் இருக்கணும், இல்லன்னா மிச்ச டேட்டா ஃபைல்லேர்ந்து போயிடும்.

கோடம்பாக்கம்_குமரன்

மேடம், வேலி பார்முலா ட்யூக்கி குடுத்தது, நிறைய சாஃப்ட்வேர்ல அதான் டிஃபால்ட். அத நம்பலன்னா வேற எத நம்பறது? நாமளா பாத்து எது வேணும் வேணாம்னு முடிவு பண்ணா அது நம்ம இஷ்டத்துக்கு டேட்டாவ வளைக்கற மாதிரி ஆகாதா?

சர்வே_சாந்தி

குமரன், கடைசியா நீங்க கேட்டது நியாயமான கேள்வி, அதுக்கு வர்றேன்.

ட்யூக்கி அந்த வேலியப் போட்டது எந்தப் புள்ளியப் போய் விசாரிக்கணும்னு காட்டறதுக்கு. விசாரிக்காம விரட்டறதுக்கு இல்ல. டேட்டா சரியான நார்மலா இருந்தாலே ஆயிரத்துல ஏழு பேர் வேலிக்கு வெளிய விழுவாங்க, அந்தக் கணக்குல 214 பேர்ல ஒண்ணு ரெண்டு பேர். அதுவே வலது பக்கம் நல்லா சாஞ்ச டேட்டான்னா, எக்ஸ்பொனென்ஷியல் மாதிரின்னு வெச்சுக்குங்க, நூத்துக்கு அஞ்சு பேர் கிட்ட வெளிய விழுவாங்க, அதாவது பத்துப் பேரு. ஒருத்தர் பதில்கூடத் தப்பா இருக்கணும்னு அவசியமே இல்ல. இங்க ஆறு பேர் விழுந்திருக்காங்க. சாய்வு இருக்கற டேட்டாவுல அது எதிர்பாத்ததுதான்.

இஷ்டத்துக்கு வளைக்கறது பத்தி: முடிவ எடுக்கறது படம் இல்ல, டேட்டாவுல இருக்கற வேற ஆதாரம். வீடு ஏரியா, வேலை ஏரியா, வண்டி. எந்த ரூல்ல ஒரு பதில ஒதுக்கறோம்ங்கறத முதல்லயே எழுதி வெச்சுக்கிட்டு மேல கீழ ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பண்ணணும். களைப்பு ஸ்கோர் என்னன்னு பாத்துட்டு முடிவு பண்ணக்கூடாது. அதப் பாத்துட்டு நீக்கினா நீங்க சொல்ற குத்தம் வந்துடும்.

மின்ட்_ஸ்ட்ரீட்_அஸ்லம்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், இதே டைம்ல எனக்கும் ஒரு பாக்ஸ் ப்ளாட் பிரச்சனை. நம்ம கேட்டரிங்க்கு கஸ்டமர்கிட்ட 1லேர்ந்து 5 வரைக்கும் ரேட்டிங் வாங்குனோம். பெட்டி 4லேர்ந்து 5 வரைக்கும் மேல ஒட்டிக்கிட்டு இருக்கு, நடுக்கோடே தனியாத் தெரியல, 5 மேலயே விழுந்துடுச்சு. 1, 2 குடுத்தவங்க எல்லாம் அவுட்லையர்னு வட்டம் வட்டமா காட்டுது. அத எடுத்துட்டா நமக்கு சராசரி 4.6 வருது. எடுத்துடலாமா?

சர்வே_சாந்தி

பாய், எடுக்கவே எடுக்காதீங்க. பெட்டி 4லேர்ந்து 5, அகலம் 1, கீழ் வேலி 2.5, அதனால 1 குடுத்தவங்க, 2 குடுத்தவங்க அத்தனை பேரும் தானா வெளிய போயிடறாங்க. உங்க பிரியாணி ஆறிப்போய் வந்துச்சுன்னு சொன்ன கஸ்டமர் அவங்கதான், அவங்களத்தான் நீங்க முதல்ல கூப்பிட்டுப் பேசணும். அஞ்சே அஞ்சு பதில் இருக்கற கேள்விக்கு பாக்ஸ் ப்ளாட் வேணாம், அஞ்சு பார் போட்டு எது எத்தனை சதவீதம்னு காட்டுங்க போதும்.

நிவி_தாம்பரம்

அக்கா ஓட்டிட்டேன். 0 போட்ட 9 பேர் வீட்டுலேர்ந்து வேலை, அத விட்டுட்டு மிச்சத்தப் போடறேன்.

கீழ்ப்பக்கம் அஞ்சு பேர்:
தாம்பரம், அம்பத்தூர், பஸ், 1.5
ஆவடி, கிண்டி, ரயில், 2
செங்கல்பட்டு, பாரிமுனை, ரயில், 2
பெருங்களத்தூர், சோழிங்கநல்லூர், பஸ், 1
குரோம்பேட்டை, குரோம்பேட்டை, நடை, 1

மேல்பக்கம் ஆறு பேர்:
120 மூணு பேர், செங்கல்பட்டு பக்கத்துலேர்ந்தும் திருவள்ளூர்லேர்ந்தும் சிட்டிக்குள்ள, எல்லாம் ரயில்
அரக்கோணம், கிண்டி, ரயில், 150
திருவள்ளூர், சிறுசேரி, ரயிலும் பஸ்ஸும், 180
அடையாறு, தரமணி, பைக், 240

இதப் பாத்ததும் ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். தாம்பரத்துலேர்ந்து அம்பத்தூர் ஒன்றரை நிமிஷத்துல யாராலயும் போக முடியாது, அவங்க மணிக்கணக்குல எழுதியிருக்காங்க. பாக்ஸ் ப்ளாட்ல இவங்க யாருக்கும் வட்டமே இல்ல.

அரக்கோணம்_பாஸ்கர்

அந்த 150 நானா இருக்க வாய்ப்பில்ல, நான் உங்க ஃபார்ம் போடல, ஆனா என் கூட வர்ற யாரோ ஒருத்தர்தான். சிறுசேரி 180 ஒரு வழியாவே இருக்கலாம்மா, திருவள்ளூர்லேர்ந்து சென்ட்ரல் வந்து, அங்கேர்ந்து ஓஎம்ஆர் முழுக்க பஸ்ல இறங்கிப் போறதுன்னா மழை நாள்ல மூணு மணி நேரம் ஆச்சரியமே இல்ல.

எண்ணூர்_எழில்

அடையாறுலேர்ந்து தரமணி பைக்ல 240 நிமிஷமா? நடந்தே போனாலும் ரெண்டு தடவை போய்ட்டு வந்துடலாமே. அது 24ஆ இருக்கும், 24னு மாத்திடுங்க.

சர்வே_சாந்தி

பாஸ்கர் சார், நீங்க சொன்னது எந்த பார்முலாவாலயும் சொல்ல முடியாத விஷயம், நன்றி.

நிவிம்மா, ஒவ்வொண்ணா போவோம்.

120 மூணும், 150யும், 180யும் அப்படியே இருக்கட்டும், தூரம் பாத்தா நம்பறதுக்கு எந்தத் தடையும் இல்ல. குரோம்பேட்டை நடை 1 நிமிஷமும் இருக்கட்டும், கடைக்கு மேல வீடு இருக்கற ஆளா இருக்கும், அது நிஜமாவே ஒரு நிமிஷம்தான். பாருங்க, ரெண்டு பேர் ஒரே 1 போட்டிருக்காங்க, ஒருத்தர் பதில் சரி, இன்னொருத்தருது தப்பு, படத்துல ரெண்டும் ஒரே இடம்.

240 எழில் சொல்ற மாதிரி 24ஆ இருக்கலாம். ஆனா 40ன்னு அடிக்கப் போய் முன்னாடி 2 விழுந்திருக்கலாம், வேலை நேரம் நாலு மணின்னு தப்பாப் புரிஞ்சிருக்கலாம், நமக்குத் தெரியாது. ஒரே ஒரு விளக்கம் மட்டும் இருந்தா திருத்தலாம், பல விளக்கம் இருந்தா மிஸ்ஸிங்ன்னு போடணும். ஃபோன் நம்பர் இருந்தா கூப்பிட்டுக் கேக்கறது எல்லாத்தையும் விட நல்லது.

நாலு மணிக்கணக்கு பதிலுக்கு ஒரே விளக்கம்தான் இருக்கு, 60 மடங்கு பண்ணி 90, 120, 120, 60ன்னு போடலாம்ங்கறது என் கருத்து, அந்த ஊர் தூரத்துக்கு அது பொருந்துது. மாத்தின வரிக்கு ஒரு தனி வேரியபிள் போட்டு குறிச்சு வைங்க, பழைய வேல்யூ அழியக்கூடாது.

0 போட்ட 9 பேர் வேற கூட்டம். அவங்க பயணம் குறைவா இருக்கறவங்க இல்ல, பயணமே இல்லாதவங்க. அவங்கள அதே பார்ல சேத்தா வால் இடது பக்கம் தடிச்ச மாதிரி காட்டும். இந்தக் கேள்விக்கு மட்டும் தனியா வெச்சு, "9 பேர் வீட்டுலேர்ந்து வேலை"ன்னு ஒரு வரி எழுதிடுங்க.

கோடம்பாக்கம்_குமரன்

மணிய நிமிஷமா மாத்தறதுல எனக்கு உடன்பாடு இல்ல மேடம். அவங்க சொல்லாத ஒண்ண நாம எழுதறோம். 240 மிஸ்ஸிங்னா இதுவும் மிஸ்ஸிங்தான் ஆகணும், ரெண்டுக்கும் ஒரே நீதி.

இன்னொண்ணு. லாக் எடுத்தா 1, 1.5, 2 எல்லாம் இடது பக்கம் தனியா எகிறிப் போய் விழும், பாக்ஸ் ப்ளாட்லயும் கீழ வட்டம் விழும். 0க்கு லாக் வராது, அது வேற விஷயம். அப்போ லாக் எடுக்கச் சொன்னது வீண் இல்லதானே?

சர்வே_சாந்தி

வீணே இல்ல குமரன், கரெக்டாப் பிடிச்சிட்டீங்க, இந்த இடத்துக்கு லாக் அருமையான வழி. நிவி, 0 இல்லாம லாக் எடுத்து ஒரு பாக்ஸ் ப்ளாட் போட்டுப் பாருங்க. பெட்டி லாக் 25லேர்ந்து லாக் 60, அத வெச்சு வேலி போட்டு திரும்ப நிமிஷமா மாத்தினா கீழ் வேலி கிட்டத்தட்ட 7 நிமிஷத்துல வரும், மேல் வேலி 220க்கு மேல போயிடும். அப்போ மேல 240 மட்டும் மாட்டும், கீழ அந்த 1, 2 எல்லாம் மாட்டும். ஆனா 6 நிமிஷம் நடந்து போறவங்களும் சேந்து மாட்டுவாங்க, அதனால அங்கயும் ஏரியா பாத்துத்தான் முடிவு. சந்தேகப்படறதுக்கு லாக் படம், அறிக்கையில எழுதறதுக்கு நிமிஷம், இப்படி வெச்சுக்கலாம்.

திருத்தறதா மிஸ்ஸிங்கா, இதுல நானும் நீங்களும் ஒத்துப்போகப் போறதில்ல. ரெண்டு விதமாவும் போட்டு ரெண்டையும் காட்டச் சொல்லுவேன்.

நிவி_தாம்பரம்

லாக் படம் போட்டேன், சொன்ன மாதிரியே 240 மேல தனியா, கீழ ஒரு கொத்து.

சராசரியையும் நாலு விதமாப் போட்டுப் பாத்தேன். எதையும் தொடாம 42.1. வேலிக்கு மேல இருந்த ஆறு பேரையும் மொத்தமா தூக்கினா 38.8. ஏரியா பாத்து, 0 தனியா வெச்சு, நாலு பேர திருத்தி, 240 மட்டும் மிஸ்ஸிங் போட்டா 204 பேருக்கு 44.9. குமரன் அண்ணா சொன்ன மாதிரி அந்த நாலு பேரையும் மிஸ்ஸிங் போட்டா 200 பேருக்கு 43.8. ஆறு பேரையும் தூக்கினது தவிர மத்த மூணு விதத்துலயும் மீடியன் 40லேர்ந்து அசையல.

தூக்கினா சராசரி குறையுது, விசாரிச்சா ஏறுது, திசையே எதிரா இருக்கு. அந்த 38.8தான் நேத்து ராத்திரி டேபிள்ல போட்டு கைடுக்கு அனுப்ப இருந்தேன்.

கோடம்பாக்கம்_குமரன்

43.8க்கும் 44.9க்கும் நடுவுல சண்ட போடறதுல அர்த்தம் இல்ல, 38.8 வேணாம், அத ஒத்துக்கறேன். ஆனா மிஸ்ஸிங்தான் சரின்னு இன்னும் சொல்றேன்.

ஹிஸ்டோகிராம் பத்தி யாருமே பேசல. 34, அப்புறம் 16, அப்புறம் 30, அப்புறம் 7, 4, திரும்ப 11. மூணு மேடு இருக்கு. அதாவது பைக் ஆளுங்க, பஸ் ஆளுங்க, ரயில் ஆளுங்கன்னு மூணு கூட்டம். பாக்ஸ் ப்ளாட் இத மறைச்சிடும், அதுக்கு மேடு பள்ளம் தெரியாது.

சர்வே_சாந்தி

பாக்ஸ் ப்ளாட் மேடு பள்ளத்த மறைக்கும்ங்கறது நூத்துக்கு நூறு சரி. மூணு கூட்டம்ங்கறத இப்பவே சொல்ல முடியாது. மனுஷங்க நேரத்தச் சொல்லும்போது 53 நிமிஷம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அரை மணி, முக்கால் மணி, ஒரு மணி நேரம், ஒன்றரை மணி. எல்லாம் 30, 45, 60, 90ல குவியும். பார் 10 நிமிஷம்னா 60 சொன்ன அத்தனை பேரும் 60லேர்ந்து 70 பார்ல விழுவாங்க, 50லேர்ந்து 60 பார் காலியாத் தெரியும். அது ஊர்ல இருக்கற பள்ளம் இல்ல, வாயால சொல்ற பழக்கத்துல வர்ற பள்ளம்.

சோதிக்க ஒரு வழி: பார 15 நிமிஷ அகலத்துக்கு மாத்தி, ஓரம் 22.5, 37.5, 52.5, 67.5, 82.5ன்னு விழற மாதிரி வைங்க. அப்போ 30, 45, 60, 75, 90 எல்லாம் பாரோட நடுவுல வந்துடும், ஓரத்துல விழுந்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு தள்ளாடாது. `Frequencies` போட்டும் பாருங்க, 60ன்னு அச்சா எத்தனை பேர் சொன்னாங்கன்னு தெரிஞ்சிடும்.

நிவி_தாம்பரம்

`Frequencies`ல 60லேர்ந்து 70 பார்ல இருந்த 30 பேர்ல 26 பேர் அச்சா 60தான். 90 பார்ல 11 பேர்ல 10 பேர் அச்சா 90.

15 நிமிஷ பார்ல 45க்கும் 60க்கும் நடுவுல இருந்த பள்ளம் போயிடுச்சு. ஆனா 75ல இருக்கற பள்ளம் போகல, 90ல மேடு அப்படியே நிக்குது. அந்தப் பத்துப் பேர்ல எட்டுப் பேர் ரயில், ரெண்டு பேர் பஸ், பைக் யாரும் இல்ல.

கோடம்பாக்கம்_குமரன்

சொன்னேன்ல, ரயில் கூட்டம் தனி.

சர்வே_சாந்தி

இருக்கலாம். ஒரு மணி நேரத்த தாண்டினவங்க 75ன்னு சொல்லாம நேரா "ஒன்றரை மணி நேரம்"னு தாவறதும் இருக்கலாம், தூரம் அதிகமானா ரயில்ல போறது இயல்பு, அதனால பைக் ஆளு அங்க இல்லாததே மேட்ட நிரூபிக்காது. பத்துப் பேர வெச்சு இதப் பிரிக்க முடியாது. வண்டி வாரியா பக்கத்துல பக்கத்துல பாக்ஸ் ப்ளாட் போட்டுக் காட்டுங்க, எத்தனை பேர்னு அடியில எழுதுங்க, மேட்டப் பத்தி ஒரு கேள்வியா மட்டும் விட்டுடுங்க.

எண்ணூர்_எழில்

ஒரு சந்தேகம். கேள்வியில "தினமும்"னு இருக்கே, போறதும் வர்றதும் சேத்து 60ன்னு சொன்னவங்க யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அவங்க பெட்டிக்கு நடுவுல உக்காந்திருப்பாங்களே, எந்தப் படத்துலயும் மாட்ட மாட்டாங்க.

சர்வே_சாந்தி

எழில், இந்த இழையிலயே நல்ல கேள்வி இதுதான். கண்டுபிடிக்க முடியாது. வேளச்சேரி கிண்டின்னு பக்கத்துப் பக்கத்து ஏரியா போட்டு 60ன்னு இருந்தா சந்தேகப்படலாம், ஆனா பீக் ஹவர்ல சிக்னல் சிக்னலா நின்னு அந்த தூரத்துக்கே ஒரு மணி நேரம் ஆச்சுன்னு சொன்னா மறுக்கவும் முடியாது. நிவி நேர்ல கேட்டவங்ககிட்ட எப்படிக் கேட்டாங்க, "போக எவ்வளவு நேரம்"னு வாயால சொன்னாங்களா? அப்படின்னா நேர்ல எடுத்ததையும் ஃபார்ம்ல வந்ததையும் தனித்தனியா பாக்ஸ் ப்ளாட் போட்டு, அதுவும் ஒரே ஏரியாக்காரங்களுக்கு, ஃபார்ம் பெட்டி மேல தள்ளியிருக்கான்னு பாக்கலாம்.

நிவி_தாம்பரம்

நேர்ல கேட்டப்போ "வீட்ட விட்டுக் கிளம்பி ஆபீஸ் போய்ச் சேர எவ்வளவு நேரம்"னுதான் கேட்டேன். அப்போ அது ஒரு வழி. பிரிச்சுப் பாத்தேன், மொத்தமா எடுத்தா ஃபார்ம் மீடியன் 45, நேர்ல 35. ஆனா ஃபார்ம் போட்டவங்கள்ல தூரத்துலேர்ந்து வர்றவங்க ஜாஸ்தி, தாம்பரம் ஏரியாக்காரங்கள மட்டும் எடுத்தா ரெண்டு பக்கமும் பதிமூணு பதினாலு பேர்தான் வர்றாங்க, பெட்டி ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிடக்கு. எதுவும் சொல்ல முடியல.

ஃபார்ம்ல ஃபோன் நம்பர் விருப்பம் இருந்தா போடுங்கன்னு கேட்டிருந்தேன், அடையாறு 240க்கும் மணிக்கணக்கு போட்ட நாலு பேர்ல ரெண்டு பேருக்கும் நம்பர் இருக்கு. நாளைக்கு அவங்களுக்குக் கூப்பிட்டு, கூடவே ஒரு வழியா ரெண்டு வழியான்னும் கேட்டுடறேன். கேள்வியோட சொல் அமைப்பு அறிக்கையில குறைபாடுங்கற பகுதியில போகுது. பாக்ஸ் ப்ளாட்ல இனிமே வரி நம்பருக்குப் பதிலா பங்கேற்பாளர் எண் வர்றதுக்கு என்ன போடணும்?

சர்வே_சாந்தி

இது போதும்:

```
EXAMINE VARIABLES=travel_min
  /PLOT BOXPLOT HISTOGRAM
  /STATISTICS DESCRIPTIVES EXTREME
  /ID=resp_id.
```

`/ID` வரிதான் அந்த வேலையச் செய்யும். `EXTREME` போட்டதால மேல அஞ்சு கீழ அஞ்சு பதில் தனி டேபிளா வரும், கீழ்ப்பக்கத்த மறக்காமப் பாக்கலாம். டேட்டாவ வரிசை மாத்தி அடுக்கினா பழைய வரி நம்பர் எல்லாம் மாறிடும், அதனால பழைய ஸ்கிரீன்ஷாட்ல இருக்கற 203, 17 எல்லாத்தையும் பங்கேற்பாளர் எண்ணோட இப்பவே ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுடுங்க.